வாய்மொழித் தேர்வின் முதல் இரண்டு நிமிடம்: யாருக்கு நன்றி, எதைச் சொல்வது

வேலூர் வட்டாரத்துக் கல்லூரிகளில் முனைவர் பட்டப் பொது வாய்மொழித் தேர்வு என்றால் அழைப்பிதழில் பெரும்பாலும் காலை 11 மணி என்று போட்டிருக்கும். புறத்தேர்வாளர் ரயிலில் காட்பாடி வந்து இறங்கி, கார் பிடித்துக் கல்லூரிக்கு வந்து, முதல்வர் அறையில் காபி குடித்துவிட்டு அரங்குக்குள் நுழைய பதினொன்றரை ஆகிவிடும். தமிழ்த்தாய் வாழ்த்து, துறைத்தலைவரின் வரவேற்பு, நெறியாளர் ஆய்வாளரை அறிமுகம் செய்வது, பொன்னாடை என்று இன்னும் அரைமணி போகும். தேர்வாளருக்குப் பிற்பகல் ரயிலுக்கு டிக்கெட் இருக்கும். நாற்பது நிமிடம் பேசத் தயாராக வந்த ஆய்வாளரிடம், "சுருக்கமா பதினஞ்சு நிமிஷத்துல முடிச்சிடும்மா" என்று நெறியாளர் மெல்லச் சொல்லும் இடம் இதுதான்.

ஸ்லைடுகளைக் குறைக்கலாம், இயல்களைத் தாண்டலாம். எது குறைந்தாலும் குறையாமல் நிற்க வேண்டியது முதல் இரண்டு நிமிடம். குழுவுக்கு நன்றி, ஆய்வு புதிதாகச் சேர்த்தது என்ன, இந்த இரண்டும் அதற்குள் முடிய வேண்டும். அதன் பிறகு மின்சாரம் போனாலும், தேர்வாளர் நேராகக் கேள்விக்கு வந்துவிட்டாலும், ஆய்வேட்டின் சாரம் அவையில் சொல்லப்பட்டுவிட்டது என்ற நிலை இருக்கும். இங்கே தமிழ்த்துறை வாய்மொழித் தேர்வை எடுத்துக்கொள்கிறேன். அறிவியல் துறைகளில் பேச்சு ஆங்கிலத்தில் இருக்கும். கணக்கு கொஞ்சம் மாறும், முறை மாறாது.

முதலில் யார் அந்தக் குழு என்பதில் தெளிவு வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி ஆய்வேட்டை நெறியாளரும், குறைந்தது இரண்டு புறத்தேர்வாளர்களும் மதிப்பிடுகிறார்கள். அந்த இருவரில் ஒருவராவது வாய்மொழித் தேர்வை நடத்த வருகிறார். ஆய்வு ஆலோசனைக் குழு என்பது வேறு. எல்லோரும் வாயில் டாக்டரல் கமிட்டி என்றும், டி.சி. என்றும் சொல்வது அதைத்தான். பருவந்தோறும் ஆய்வாளர் அவர்கள் முன் வந்து பேச வேண்டும் என்பது விதி. ஆக, ஒருவர் ஆய்வேட்டை முடிந்த பொருளாக மட்டும் பார்த்தவர். மற்றவர்கள் அது உருவான வழியெல்லாம் பார்த்தவர்கள். இரு தரப்புக்கும் ஒரே வாக்கியத்தில் "மேலான ஆலோசனைகள் வழங்கிய" என்று நன்றி சொன்னால் அது யாருக்கும் போய்ச் சேராது. வந்திருக்கும் புறத்தேர்வாளர் உங்களுக்கு ஆலோசனை வழங்கவில்லை. படித்து அறிக்கை எழுதினார். அதைத்தான் சொல்ல வேண்டும்.

அறிக்கை எழுதிய இன்னொரு தேர்வாளர் அரங்கில் இல்லை. அவர் பெயரை நெறியாளர் அவையில் சொல்லும் வரை நீங்கள் சொல்லக்கூடாது. உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் சரி. "ஆய்வேட்டை மதிப்பிட்ட தேர்வாளர்கள்" என்ற பன்மை போதும். அதேபோல, "எனக்கு முனைவர் பட்டம் வழங்க வருகை தந்துள்ள" என்ற தொடர் ஏனோ பல பேச்சுகளில் வந்துவிடுகிறது. தேர்வாளர் பட்டம் வழங்குவதில்லை, பரிந்துரைக்கிறார். வழங்குவது பல்கலைக்கழகம். அதுவும் தேர்வு தொடங்கும் முன்பே முடிவைச் சொல்லிவிட்ட மாதிரி ஆகிறது. சில தேர்வாளர்கள் சிரித்துவிட்டு விடுவார்கள். சிலர் அதை மனதில் வைத்துக்கொண்டு முதல் கேள்வியைக் கேட்பார்கள்.

நேரத்தைத் தின்பது நன்றி அல்ல, அடைமொழி. "மதிப்பிற்கும் போற்றுதலுக்கும் உரிய" என்று சொல்ல மூன்று விநாடி ஆகிறது. மேடையில் எட்டுப் பேர் என்றால் இருபத்து நான்கு விநாடி, அதாவது மொத்த நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு, ஒன்றும் சொல்லாமலே போய்விடும். வரவேற்புரையில் அடைமொழிகள் எல்லாம் சொல்லி முடித்திருப்பார்கள். ஆய்வாளர் அதை மறுபடி சொல்ல வேண்டியதில்லை. "புறத்தேர்வாளர் ஐயா அவர்களுக்கு வணக்கம்" என்பதில் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

வரிசை என்று பார்த்தால் புறத்தேர்வாளர், ஒருங்கிணைப்பாளராக இருக்கும் நெறியாளர், ஆய்வுக் குழு உறுப்பினர்கள், பிறகு அவை. முதல்வர் மேடையில் அமர்ந்தால் கல்லூரி வழக்கப்படி அவர் முதலில் வருவார். அவர் வருவாரா மாட்டாரா என்பது அன்று காலை வரை யாருக்கும் தெரியாது. அதனால் தாளின் தலைப்பில் ஒரு வரி இடம் விட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வுக் குழுவில் ஒருவர் இடையில் ஓய்வு பெற்று வேறொருவர் வந்திருந்தால், பழையவருக்கும் ஒரு சொல் வேண்டும். அவர் பெரும்பாலும் பார்வையாளர் வரிசையில்தான் அமர்ந்திருப்பார். குழு உறுப்பினர் ஒருவர் அன்று வரவில்லை என்றால் அவரை வந்தவர் போல விளிக்காதீர்கள். தாளில் எழுதியதை அப்படியே படிப்பவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

பெற்றோர், கணவர் அல்லது மனைவி, நண்பர்கள், நூலகர், தட்டச்சு செய்தவர், எல்லோருக்கும் நன்றி உண்டு. ஆனால் இப்போது இல்லை. தேர்வாளர் பரிந்துரையை அறிவித்த பின் ஒரு நன்றியுரை எப்படியும் இருக்கும். மனம் திறந்து, கண் கலங்கிப் பேச அதுதான் இடம். ஒரே ஒரு விலக்கு சொல்வேன். நாட்டார் வழக்காற்று ஆய்வு, மொழிக் கள ஆய்வு போன்றவற்றில் தகவலாளர்களின் அறிவே தரவு. கூத்துக் கலைஞர்கள் தங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறி அரங்குக்கு வந்து பின் வரிசையில் உட்கார்ந்திருப்பதும் உண்டு. அவர்களுக்கான ஒரு வாக்கியம் தொடக்கத்திலேயே வர வேண்டும். குழுவுக்குச் சொல்லும் நன்றியோடு ஒரே மூச்சில் வர வேண்டும்.

இரண்டு நிமிடம் என்றால் எத்தனை சொல்? ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அறிவுரைகளைப் பார்த்து 250 சொல் என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். தமிழில் அது மூன்றரை நிமிடத்தைத் தொடும். நம் சொற்கள் நீளம். "படித்துக்கொண்டிருந்தபோது" என்பது ஒரு சொல்தான், ஆனால் வாய்க்கு நான்கு சொல்லின் வேலை. நிதானமாக, மூச்சு விட்டுப் பேசினால் இரண்டு நிமிடத்துக்கு 140 முதல் 160 சொல்தான் கொள்ளும். கைப்பேசியில் பதிவு செய்து பாருங்கள். அப்போது மனதுக்குள் படிக்காமல், நின்றுகொண்டு, அறையின் கடைசி நாற்காலிக்குக் கேட்கும் குரலில் பேசிப் பாருங்கள். நேரம் கூடத்தான் காட்டும், குறையாது. வணக்கத்துக்கு 15 விநாடி, நன்றிக்கு 30, ஆய்வுக் கேள்விக்கும் களத்துக்கும் 20, புதிதாகக் கண்டதற்கு 45, எல்லைக்கும் முடிப்புக்கும் 10. இதில் நன்றி நாற்பதைத் தாண்டினால் கண்டதுதான் சுருங்கும். வேறு எதுவும் சுருங்காது.

இனி பங்களிப்பு. பெரும்பாலான ஆய்வாளர்கள் பங்களிப்பைச் சொல்வதாக நினைத்துக்கொண்டு இயல்களைச் சொல்கிறார்கள். "முதல் இயலில் கூத்தின் தோற்றமும் வளர்ச்சியும் ஆராயப்பட்டுள்ளது, இரண்டாம் இயலில் களம் அறிமுகம் செய்யப்பட்டுள்ளது" என்று போகும். இதைக் கேட்கும்போது தேர்வாளர் ஆய்வேட்டின் பொருளடக்கத்தைத் திறந்து விரலை வைத்துக்கொண்டு வருவார். அதைப் பார்த்தால் போதும், நீங்கள் அவர் கையில் இருப்பதையே அவருக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இதற்கு ஒரு சோதனை உண்டு. உங்கள் வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, இதை ஒருவர் மறுக்க முடியுமா என்று கேளுங்கள். கூத்தில் அரசன் வரும் முன் வந்து அறிவித்து, கேலி பேசும் கட்டியங்காரனையே எடுத்துக்கொள்வோம். "கட்டியங்காரனின் பங்கு ஆராயப்பட்டுள்ளது" என்பதை யாரும் மறுக்க முடியாது, ஆராய்ந்தீர்கள்தான். "கட்டியங்காரன் பேச்சில் ஐந்து பகுதிகள் மாறுவதே இல்லை" என்பதை ஒருவர் மறுக்கலாம். அதுதான் பங்களிப்பு.

ஒரு மாதிரியை வைத்துப் பார்ப்போம். ஆய்வேடும் அதன் முடிவுகளும் விளக்கத்துக்காக நான் கற்பனை செய்தவை. தலைப்பு, "வட ஆர்க்காட்டுப் பாரதக் கூத்தில் கட்டியங்காரன் உரை" என்று இருக்கட்டும். திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாவில் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. வில் வளைப்பு, துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம் என்று இரவுக்கு ஒரு கதை ஓடும். கடைசியில் படுகளமும் தீமிதியும். கூத்து ஆடும் குழுவை இந்தப் பக்கம் ஜமா என்பார்கள், அதை நடத்துபவரை வாத்தியார் என்பார்கள். ஆய்வாளர் ஆறு ஜமாக்களை, ஜமாவுக்கு நான்கு இரவு வீதம், 24 இரவுகள் பதிவு செய்திருக்கிறார். அவர் முதலில் எழுதி வந்த பங்களிப்புப் பகுதி இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

"வட ஆர்க்காட்டு மண்ணின் பாரம்பரியக் கலையான தெருக்கூத்தில் கட்டியங்காரன் என்னும் பாத்திரத்தின் இன்றியமையாமை முதன்முதலாக இவ்வாய்வில் விரிவாக ஆராயப்பட்டுள்ளது. கட்டியங்காரனின் நகைச்சுவை உணர்வு சமூக விழிப்புணர்வை ஏற்படுத்துவதாக அமைந்துள்ளமை கண்டறியப்பட்டுள்ளது. இக்கலை அழிந்துவரும் நிலையில் உள்ளதால் அதனைப் பாதுகாக்க வேண்டியதன் தேவை வலியுறுத்தப்பட்டுள்ளது."

இதில் மூன்று இடத்தில் கேள்வி விழும். முதல் இடம் "வட ஆர்க்காடு". எந்த வட ஆர்க்காடு? 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவாகும் முன், இன்று ஆந்திரத்தில் இருக்கும் பகுதிகளும் வட ஆர்க்காடுதான். 1989-இல் அது திருவண்ணாமலை, வேலூர் என்று இரண்டானது. 2019-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஆய்வாளர் போன ஊர்கள் ஆரணி, செய்யாறு, கலவை வட்டாரங்கள் மட்டும் என்றால், முதல் இரண்டும் இன்று திருவண்ணாமலை மாவட்டம், கலவை ராணிப்பேட்டை மாவட்டம். வாணியம்பாடிப் பக்கம் காலே வைக்கவில்லை. தலைப்பு பதிவாகிவிட்டது, அதை இனி மாற்ற முடியாது. ஆனால் பேச்சில் களத்தை ஊர்ப்பெயரோடு சொல்லிவிட்டால் தேர்வாளர் அதைத் தோண்ட வேண்டிய தேவை இருக்காது. நீங்களே சொன்ன எல்லை அது. அவர் கண்டுபிடித்தால் அது குறை.

இரண்டாவது இடம் "முதன்முதலாக". கூத்தைப் பற்றி உள்ளூரிலும் வெளிநாட்டிலும் நிறைய வேலை நடந்திருக்கிறது. ஆல்ஃப் ஹில்டபைட்டல் திரௌபதி வழிபாடு பற்றி 1988-இல் வெளியிட்ட முதல் தொகுதி செஞ்சியை மையமாகக் கொண்டது. ஹன்னா டி புருயின் கட்டைக்கூத்தைக் காஞ்சிபுரத்துக் கலைஞர்களோடு கூடவே இருந்து ஆராய்ந்தவர். தேர்வாளர் இந்தத் துறைக்காரர் என்றால் இவை எல்லாம் அவர் அலமாரியில் இருக்கும். "முதன்முதலாக" என்ற சொல்லைக் கேட்டதும், அதற்கு முன் வந்த ஒன்றை எடுத்து நீட்டத்தான் யாருக்கும் கை போகும். முன்னவர்கள் எதைச் செய்தார்கள், நீங்கள் எங்கே தொட்டீர்கள் என்று சொன்னால் அந்தச் சொல் தேவையே இல்லை. வேண்டுமானால், "கட்டியங்காரன் உரையை இரவு முழுவதற்கும் எழுத்துப்படியாக்கிய பதிப்பு நான் தேடிய அளவில் கிடைக்கவில்லை" என்று சொல்லலாம். அது தேடியவர் பேசும் பேச்சு.

மூன்றாவது இடம் பாதுகாப்பு. "அழிந்துவரும் கலை" என்பது ஆய்வின் கண்டுபிடிப்பு அல்ல, விண்ணப்பம். எத்தனை ஜமா இருந்தது, எத்தனை ஆனது என்று எண்ணியிருந்தால் தவிர அதைச் சொல்ல உரிமை இல்லை. வேலூர்ப் பக்கத்தில் கோடையில் இரவில் பயணம் போனவர்களுக்கு, எங்கோ ஓர் ஊரில் விடிய விடிய மத்தளச் சத்தம் கேட்பது தெரியும். தேர்வாளரும் அதைக் கேட்டபடியே வந்திருக்கலாம்.

இதையெல்லாம் கழித்துவிட்டு, அதே ஆய்வாளர் பேசக்கூடியது இது:

"புறத்தேர்வாளர் ஐயா அவர்களுக்கும், நெறியாளர் அம்மா அவர்களுக்கும், ஆய்வுக் குழு உறுப்பினர்களுக்கும், அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஐயா தம் அறிக்கையில் கேட்ட இரண்டாவது கேள்வி என்னை நான்காம் இயலை மறுபடி படிக்க வைத்தது. அதற்கு நன்றி. களத்தை ஆறு ஜமாக்களோடு நிறுத்தச் சொன்னது ஆய்வுக் குழு. அதனால்தான் ஒவ்வொரு ஜமாவையும் நான்கு இரவு முழுதாகப் பதிவு செய்ய முடிந்தது. அம்மா ஒலிப்பதிவோடு ஒப்பிட்டு என் எழுத்துப்படியைத் திருத்தினார்கள். பதிவு செய்ய இசைந்த ஆறு வாத்தியார்களுக்கும் என் நன்றி.

இந்த ஆய்வின் கேள்வி ஒன்றுதான். பாரதக் கூத்தில் கட்டியங்காரன் பேசுவது அந்த நேரத்தில் தோன்றும் பேச்சா, கைமாறி வந்த பாடமா? களம் ஆரணி, செய்யாறு, கலவை வட்டாரங்கள்.

கண்டவை மூன்று. அவன் பேச்சில் ஐந்து பகுதிகள் மாறுவதில்லை. ஆறு ஜமாக்களிலும் அவை ஒரே வரிசையில் வருகின்றன. அவற்றுக்கு இடையில்தான் ஊர்ச் செய்தியும் கேலியும் நுழைகின்றன. அரசன் சபையில் இருக்கும்போது அவை நுழைவது அரிது. 24 இரவுகளில் இரண்டில் மட்டுமே கண்டேன். மூன்றாவதாக, 24 இரவுகளின் கட்டியங்காரன் உரையும் எழுத்துப்படியாகப் பின்னிணைப்பில் இருக்கிறது. என் முடிவை யாரும் அதில் சரிபார்க்கலாம்.

தெற்கத்திப் பாணிக்கு இது பொருந்துமா என்பதை நான் பார்க்கவில்லை. ஐயா அவர்களின் அனுமதியோடு தொடங்குகிறேன்."

நன்றிப் பகுதியை மறுபடி பாருங்கள். ஒவ்வொரு நன்றிக்கும் ஒரு காரணம் இருக்கிறது, அந்தக் காரணம் ஆய்வைப் பற்றியும் ஒன்றைச் சொல்லிவிடுகிறது. ஆறு ஜமா மட்டும் ஏன் என்று பின்னால் யாராவது கேட்டால், பதில் ஏற்கனவே குழுவின் வாயிலிருந்து வந்ததாக அவையில் பதிவாகிவிட்டது. அந்த முடிவை எடுத்தவர்களே எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள். நெறியாளரும் தலையாட்டுவார். இது தந்திரம் போலத் தோன்றலாம். ஆனால் உண்மையாக நடந்ததை மட்டும்தான் சொல்ல வேண்டும். குழு சொல்லாததைச் சொன்னதாகச் சொன்னால் அங்கேயே ஒருவர் முகத்தைச் சுளிப்பார். பழைய கூட்டக் குறிப்புகள் துறை அலுவலகத்தில் இருக்கும். ஒரு முறை புரட்டிப் பார்த்துவிட்டு எழுதுவது நல்லது.

புறத்தேர்வாளருக்குச் சொல்லும் நன்றியிலும் ஒரு கவனம் வேண்டும். அவர் அறிக்கையில் கேட்ட கேள்விகள் நெறியாளர் மூலம் உங்கள் கைக்கு வந்திருக்கும். வரவில்லை என்றால் அந்த வாக்கியத்தை விட்டுவிடுங்கள். வந்திருந்தால் கேள்வியின் எண்ணை மட்டும் சொல்லுங்கள், பதிலைச் சொல்லத் தொடங்காதீர்கள். எழுத்துப் பதிலை நெறியாளர் வழியாகக் கொடுத்திருப்பீர்கள், அவை முன் விளக்கவும் தனி நேரம் வரும். இங்கே தொடங்கினால் இரண்டு நிமிடம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்து, அந்த "இரண்டில் மட்டுமே கண்டேன்". அரசன் சபையில் இருக்கும்போது கேலி நுழைவதே இல்லை என்று சொன்னால் வாக்கியம் கம்பீரமாக இருக்கும். ஆனால் அந்த இரண்டு இரவுகள் உங்கள் பின்னிணைப்பிலேயே இருக்கின்றன. தேர்வாளர் அதைத்தான் முதலில் தேடுவார். விலக்கை நீங்களே எண்ணோடு சொல்லிவிட்டால், கேள்வி "அந்த இரண்டு இரவில் என்ன நடந்தது?" என்று மாறும். அதற்குப் பதில் உங்களிடம் இருக்கும். உங்களுக்குப் பிடித்த கதையும் அதுவாகத்தான் இருக்கும்.

எதை எந்த வரிசையில் சொல்வது என்பதும் பழக்கத்தில் தெரிய வருவது. கேட்பவர்களுக்குக் கடைசியில் சொன்னது காதில் நிற்கும். முதல் கேள்வி பெரும்பாலும் அதிலிருந்துதான் வரும். அதனால் பெரிய முடிவை முதலிலும், கேள்விக்கு இடம் தரும் முடிவை நடுவிலும், அசைக்க முடியாததைக் கடைசியிலும் வைக்கிறேன். எழுத்துப்படி இருக்கிறதா என்றால் இருக்கிறது, தொகுதியைத் தூக்கிக் காட்டலாம். மூன்று என்ற எண்ணுக்குப் புனிதம் எதுவும் இல்லை. ஒரே ஒரு முடிவுதான் உருப்படி என்றால் ஒன்றையே நாற்பத்தைந்து விநாடி சொல்லுங்கள். ஐந்து இருந்தால் இரண்டைப் பின்னால் ஸ்லைடுக்குத் தள்ளுங்கள். ஐந்தையும் ஓட்டமாகச் சொன்னால் கேட்பவர் கையில் ஒன்றும் தங்காது.

எல்லையைச் சொல்லும் வாக்கியத்தைப் பலர் கடைசி நேரத்தில் அடித்துவிடுகிறார்கள், பலவீனமாகத் தெரியும் என்ற பயம். வடக்கத்திப் பாணி, தெற்கத்திப் பாணி என்ற பிரிவு கூத்து ஆய்வில் பழையது. தெற்கே பார்த்தீர்களா என்பது நிச்சயம் வரப்போகும் கேள்வி. முன்பே சொன்னால் அது ஒரு தகவல். கேட்டபின் சொன்னால் ஒப்புதல் வாக்குமூலம். ஆனால் ஒன்றுக்கு மேல் வேண்டாம். "காலம் போதவில்லை, வசதி இல்லை" என்ற காரணங்களும் வேண்டாம்.

நடையைப் பற்றிக் கொஞ்சம். ஆய்வேட்டில் "கண்டறியப்பட்டுள்ளது" என்று எழுதியிருப்பீர்கள். பேச்சில் "கண்டேன்" என்று சொல்லுங்கள். செயப்பாட்டு வினை வாயில் நீளும், யார் கண்டது என்பதும் மங்கிப்போகும். வேற்றுமொழித் துறையிலிருந்து வந்த பார்வையாளர்கள் இருந்தால் கட்டியங்காரன் யார் என்று ஒரு வரி தேவைப்படலாம். "அரசன் வரும் முன் வந்து அறிவிப்பவன், கேலி பேசுபவன்" என்று முடித்துவிடுங்கள். அந்த ஆறு விநாடியை வணக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

தாளில் எழுதிக்கொள்வதில் தவறில்லை. மனப்பாடம் செய்தவர்கள் ஓரிடத்தில் விட்டால் மொத்தமும் விட்டுப்போகிறது. அரைத் தாள், 16 புள்ளி எழுத்து, ஒரு பக்கம் மட்டும். மூச்சு விடும் இடத்தில் சாய்கோடு போடுங்கள். பெயர்களைத் தனியாகப் பெரிதாக எழுதுங்கள், முன்னெழுத்தோடு. ஓரத்தில் ஒவ்வொரு முடிவுக்கும் ஆய்வேட்டின் பக்க எண்ணைப் பென்சிலில் குறித்துக்கொள்ளுங்கள், ஐந்து பகுதிகள் எந்தப் பக்கம், அந்த இரண்டு இரவுகள் பின்னிணைப்பில் எந்தப் பக்கம் என்று. கேள்வி வந்ததும் பக்கத்தைச் சொல்லிவிட்டுப் பதில் சொன்னால் தேர்வாளர் புரட்டுவார். அவர் புரட்டும் நேரம் உங்களுக்கு யோசிக்கக் கிடைக்கும்.

இந்த இரண்டு நிமிடமும் திரையில் தலைப்பு ஸ்லைடு மட்டும் போதும். அதிலும் நம் ஊரில் மட்டும் வரும் ஒரு தொல்லை உண்டு. டி.டி.பி. கடையில் பாமினியில் தட்டச்சு செய்த ஸ்லைடை அப்படியே பென் டிரைவில் கொண்டுவருவார்கள். கருத்தரங்க அறைக் கணினியில் அந்த எழுத்துரு இருக்காது. "தமிழ்" என்ற சொல் திரையில் `jkpo;` என்று நிற்கும். தலைப்பே புரியாத திரைக்கு முன்னால் நின்று வணக்கம் சொல்வது சங்கடம். யூனிகோடில் மாற்றுங்கள், அல்லது எழுத்துரு உள்ளடங்கிய பி.டி.எஃப். ஆக ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். மாற்றியபின் ஒவ்வொரு ஸ்லைடையும் கண்ணால் பாருங்கள். மாற்றும் மென்பொருளில் ஒற்றும் கொம்பும் இடம் மாறிவிடுவது உண்டு.

வேலூர் வெயிலில், அதுவும் சித்திரை, வைகாசியில், அரங்கில் எல்லா மின்விசிறியும் முழு வேகத்தில் ஓடும். மைக் அந்தக் காற்றைப் பிடித்து இரையும். மைக்கை வாயிலிருந்து நான்கு விரல் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் பிடித்தால் குறையும். உங்கள் தலைக்கு மேல் ஓடும் விசிறியை மட்டும் நிறுத்தச் சொல்லலாம். அரைத் தாள் பறக்கும் என்பதால் அதை அட்டையில் கிளிப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போனால் நிறுத்தாதீர்கள். ஜெனரேட்டர் வரும் வரை அவை அமைதியாக இருக்கும், குரல் தெளிவாகக் கேட்கும்.

பேசும்போதே தேர்வாளர் குறுக்கிட்டால் என்ன செய்வது? இது நடக்கும், முக்கியமாக நேரம் குறைவாக இருக்கும் நாளில். "ஐந்து பகுதின்னு சொன்னீங்களே, அது என்னென்ன?" என்று கேட்பார். உடனே பதில் சொல்லுங்கள், "அது பின்னால் வருகிறது ஐயா" என்று தள்ளாதீர்கள். ஐந்தின் பெயரையும் பத்து விநாடியில் சொல்லி, பக்க எண்ணைச் சொல்லி, மீதி இருக்கும் முடிவிலிருந்து தொடருங்கள். விட்ட இடம் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் தாளில் ஒவ்வொரு முடிவும் புது வரியில் தொடங்க வேண்டும். நீங்கள் சொல்லும்போது அவர் தலை குனிந்து எதையோ குறித்துக்கொண்டால் பயப்பட வேண்டாம். முடிவு அவருக்குப் புரிந்திருக்கிறது, கேள்வி தயாராகிறது. அவர் எழுதியது உங்களின் எந்த வாக்கியத்தின்போது என்பதை மட்டும் கவனித்து, முதல் ஸ்லைடுக்குப் போகும் முன் அந்தப் பக்கத்தில் ஒரு காகிதத் துண்டைச் செருகி வையுங்கள்.